கூட்டினால் 25 வர வேண்டும்: மாணவர் இதழ் போடும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

பள்ளிக்கூடம் பக்கத்தில் டி.டி.பி., ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். கல்வியாண்டு முடியப் போகும் நேரத்தில் பென்டிரைவோடு வருகிறீர்கள். "ஏ4 தாளை நடுவில் மடித்து, ரெண்டு பின் அடித்து, புத்தகம் மாதிரி வேண்டும்" என்கிறீர்கள். சிலர் கையில் பாதி அடித்த தாள்கட்டும் இருக்கும். பள்ளி பிரின்டரிலேயே முயன்றிருப்பீர்கள்; அது ஒரு பக்கம் மட்டும் அடிக்கும் பிரின்டர்; பக்கமெல்லாம் இடம் மாறி, பாதி தலைகீழாக வந்திருக்கும். அந்தக் கட்டு குப்பைக்குப் போகிறது, நீங்கள் என்னிடம் வருகிறீர்கள். எனக்கு அது வியாபாரம்தான். ஆனாலும் சொல்கிறேன், உங்கள் பிரின்டரே இதற்குப் போதும். தாளைத் திருப்பிப் போட ஒரு ஆளும், எந்தப் பக்கத்தோடு எந்தப் பக்கம் சேர வேண்டும் என்கிற கணக்கும் இருந்தால் சரி.

கணக்கைக் கணினியில் தொடங்காதீர்கள். கழிவுத் தாளில் டம்மி போடுங்கள். அச்சகத்துக்காரர்கள் இன்றைக்கும் அதைத்தான் செய்கிறார்கள்.

ஓர் இதழை எடுத்துக்கொள்வோம். முன்னட்டை, தலைமையாசிரியர் வாழ்த்து, கதை, கவிதை, ஓவியம், விடுகதை, கடைசியில் குழுப் படம், எல்லாம் சேர்த்து 22 பக்கம். ஒரு தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம் கிடைக்கும். ஆகவே மடித்துத் தைக்கிற இதழின் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 22 வகுபடாது, அடுத்தது 24. அதாவது ஆறு தாள், இரண்டு வெற்றுப் பக்கம்.

ஆறு கழிவுத் தாளை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்து, முதல் பக்கத்திலிருந்து 24 வரை பென்சிலில் எண் போடுங்கள். பிறகு பிரித்து, வெளித்தாளை மேசையில் விரித்துப் பாருங்கள். இடப்பக்கம் 24, வலப்பக்கம் 1. திருப்பினால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் 23. அதற்கு உள்ளே இருந்த தாளில் முன்புறம் 22, 3. பின்புறம் 4, 21. எந்தத் தாளை எடுத்தாலும், எந்தப் புறத்தைப் பார்த்தாலும், அருகருகே இருக்கும் இரண்டு எண்களைக் கூட்டினால் 25. மொத்தப் பக்கத்தோடு ஒன்று கூட்டிய எண் அது. 16 பக்கமானால் 17, 32 பக்கமானால் 33. இன்னொன்றும் கண்ணில் படும்: ஒற்றைப்படை எண் எப்போதும் வலப்பக்கம்தான். இந்த இரண்டும் கையில் இருந்தால் எந்த அளவு இதழுக்கும் வரிசை போட்டுவிடலாம்.

அந்த இரண்டு வெற்றுப் பக்கத்தை எங்கே விடுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறீர்கள். நீங்கள் ஒன்றும் செய்யாமல் 22 பக்கக் கோப்பை அப்படியே மென்பொருளிடம் கொடுத்து `Booklet` என்று சொன்னால், அது இரண்டு வெற்றுப் பக்கத்தையும் கடைசியில் சேர்த்துக்கொள்ளும். அப்போது 24 காலி, 23 காலி. பின்னட்டைக்கு என்று ஆசையாகச் செய்த குழுப் படம் 22-ஆம் பக்கமாகி உள்ளே போய்விடும். பின்னட்டை வெள்ளையாக நிற்கும்.

அதற்குப் பதிலாக, கோப்பிலேயே முன்னட்டைக்கு அடுத்து ஒரு வெற்றுப் பக்கமும், பின்னட்டைக்கு முன் ஒரு வெற்றுப் பக்கமும் சேருங்கள். அவை 2, 23 ஆகின்றன. கூட்டிப் பாருங்கள், 25. இரண்டும் ஒரே தாளின் ஒரே புறம்! அட்டைத் தாளின் உட்புறம் முழுக்கக் காலி. ஆக, அட்டையை ஒரு தடவை அடித்தால் போதும், திருப்பிப் போடும் வேலை இல்லை. தடிமனான வண்ணத் தாளைத் திருப்பிப் போட்டால் பல பிரின்டர்கள் இழுக்கச் சிரமப்படும். அந்தத் தொல்லையும் போகிறது. இனி அட்டை தனி, உள்ளே ஐந்து தாள் தனி என்று பிரித்துக்கொள்ளலாம்.

கோப்பைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லிவிட்டு அச்சுக்குப் போகிறேன். முதலாவது எழுத்தின் அளவு. ஏ4 தாளில் 12 புள்ளியில் தட்டச்சு செய்த பக்கத்தைப் பாதித் தாளுக்குச் சுருக்கினால் அது ஏறத்தாழ 71 சதவீதமாகும். எழுத்து எட்டரைப் புள்ளிக்கு இறங்கிவிடும். ஆங்கிலத்தை அந்த அளவில் ஒருவாறு படிக்கலாம். தமிழில் புள்ளியும் சுழியும் மையில் அடைபட்டு, ணகரமும் னகரமும் ஒன்றுபோலத் தெரியும். படிக்கப் போவது ஆறாம் வகுப்புப் பிள்ளை. ஆகவே தட்டச்சைத் தொடங்கும்போதே பக்க அளவை ஏ5 என்று வைத்து, 12 புள்ளியில் அடியுங்கள். ஏ4-இல் ஏற்கெனவே அடித்து முடித்துவிட்டீர்கள் என்றால் எழுத்தை 16 புள்ளியாக்குங்கள். சுருங்கிய பின் பதினொன்றே கால் நிற்கும். அதற்குப் பக்கம் கூடும், மறுபடி எண்ண வேண்டும்.

இரண்டாவது, பக்கம் எண்ணுவதற்கு முன் கோப்பைப் பி.டி.எஃப். ஆக்கிவிடுங்கள். உங்கள் கணினியில் இருக்கும் தமிழ் எழுத்துரு என் கணினியிலோ பள்ளி ஆய்வகக் கணினியிலோ இல்லாவிட்டால் வேறொன்று வந்து உட்காரும். வரி நீளும், ஒரு கவிதையின் கடைசி இரண்டு அடி அடுத்த பக்கத்துக்கு வழியும். 24 என்பது 25 ஆகும். அந்த ஒரு பக்கத்துக்காக இன்னொரு தாள் வேண்டும், கூட்டல் எண் 25-இலிருந்து 29 ஆகிவிடும், ஒரு ஜோடிகூட மிஞ்சாது. அடிக்குறிப்பில் போடும் பக்க எண்ணையும் முன்னட்டையிலிருந்தே எண்ணுங்கள். அட்டையை விட்டுவிட்டு உள்ளே 1 என்று தொடங்கினால் தாளில் இருக்கும் எண் ஒன்றாகவும், அச்சுப் பெட்டியில் தட்ட வேண்டிய எண் வேறாகவும் இருக்கும். அந்தக் குழப்பம் நமக்கு வேண்டாம்.

இப்போது ஜோடிகள். அட்டைக்கு `24,1` மட்டும். உள்தாள்கள் ஐந்துக்கும் கீழே தருகிறேன். இடப்பத்தி முன்புறம், வலப்பத்தி பின்புறம்.

```
22,3      4,21
20,5      6,19
18,7      8,17
16,9      10,15
14,11     12,13
```

அச்சுப் பெட்டியில் ஒரு தாளில் இரண்டு பக்கம் என்று வைத்து, பக்க எண் கேட்கும் இடத்தில் இந்த ஜோடியைத் தட்டினால் போதும். ஆனால் ஒரு சங்கதி. சில மென்பொருள்கள் நீங்கள் தட்டிய வரிசையை மதிக்காமல் ஏறுவரிசையில் மாற்றிக்கொள்ளும். `22,3` என்றால் 3-ஐ இடப்பக்கமும் 22-ஐ வலப்பக்கமும் போட்டுவிடும். முன்புற ஜோடிகள் எல்லாமே இறங்குவரிசை, பின்புற ஜோடிகள் எல்லாமே ஏறுவரிசை என்பதால், பின்புறம் மட்டும் சரியாக வந்து முன்புறம் கெட்டிருக்கும். முதல் தாள் வெளியே வந்ததும் பாருங்கள்: ஒற்றைப்படை எண் இடப்பக்கம் இருந்தால் இதுதான் காரணம். அப்போது அடோபி ரீடரில் `Booklet` தெரிவைப் பயன்படுத்துங்கள். அதில் `Booklet subset` என்ற இடத்தில் `Front side only`, `Back side only` என்று இரண்டு இருக்கும். பக்கத்தில் எந்தத் தாளிலிருந்து எந்தத் தாள் வரை என்று கேட்கும் கட்டங்களும் இருக்கும். நம் இதழில் அட்டைதான் 1-ஆம் தாள். உள்தாள்கள் 2 முதல் 6 வரை. `Binding` என்ற இடத்தில் `Left` இருக்க வேண்டும்.

இனிதான் முக்கியமான இடம். 40 பிரதி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வழக்கமாகச் செய்வது என்ன? ஐந்து தாளின் முன்புறத்தையும் வரிசையாக அடித்து, கட்டைத் திருப்பிப் போட்டு, ஐந்தின் பின்புறத்தையும் வரிசையாக அடிக்கிறீர்கள். அல்லது அதைவிட மோசமாக, 40 பிரதிக்கான 200 தாளையும் ஒரே மூச்சில் முன்புறம் அடித்துவிட்டுத் திருப்புகிறீர்கள். இதில் இரண்டு ஆபத்து. கட்டைத் திருப்பும்போது மேலே இருக்கும் தாள் 2-ஆம் தாளா 6-ஆம் தாளா என்பது பிரின்டருக்குப் பிரின்டர் மாறும். தாள் குப்புற வெளியே விழும் பிரின்டர் உண்டு, நிமிர்ந்து விழுவதும் உண்டு. வரிசை தலைகீழாகப் போனால் 2-ஆம் தாளின் முதுகில் 6-ஆம் தாளின் பின்புறம் ஏறிவிடும். அடுத்தது, நடுவில் ஒருமுறை பிரின்டர் இரண்டு தாளைச் சேர்த்து இழுத்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் அத்தனை தாளிலும் முதுகு ஒன்று தள்ளிப் போகும். 200-இல் முப்பதாவது தாளில் அது நடந்தால் மீதி 170-உம் போச்சு. அதுவும் கடைசித் தாள் வந்த பிறகுதான் தெரியும்.

அதனால் பிரதி பிரதியாக அடிக்காதீர்கள், தாள் தாளாக அடியுங்கள். `22,3` மட்டும் 40 பிரதி. அந்த 40 தாளையும் திருப்பிப் போட்டு `4,21` மட்டும் 40 பிரதி. அந்தக் கட்டைக் கட்டி ஓரம் வைத்துவிட்டு அடுத்த ஜோடிக்குப் போங்கள். கட்டில் இருக்கும் எல்லாத் தாளும் ஒன்றே என்பதால் மேலே எது, கீழே எது என்ற கேள்வியே எழாது. இரண்டு தாள் ஒட்டிப் போனாலும் ஒரு தாளில்தான் முதுகு காலியாக இருக்கும். அதை மட்டும் எடுத்து மறுபடி விடலாம். ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று தாள் கூடுதலாக, 43 என்று அடித்துக்கொள்ளுங்கள். ஐந்து தாள், பத்து தடவை, அட்டைக்கு ஒரு தடவை. பதினோரு முறை கணினியில் தட்ட வேண்டும் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். வரிசை பிசகிய 200 தாளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்கிற நேரத்தில் இதை இரண்டு தடவை முடித்துவிடலாம்.

பிரதி பிரதியாக அடித்தே தீருவேன் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வரிசை தலைகீழாகப் போனதா என்று சோதிக்க நடுவிலிருந்து ஒரு தாளை உருவிப் பார்க்காதீர்கள். ஐந்து தாளில் நடுத்தாள் `18,7` உடையது. வரிசை தலைகீழானாலும் அதன் முதுகில் அதற்குரிய `8,17`-தான் வந்து விழும். அது ஒன்று சரியாக இருக்கும், மற்ற நான்கும் தப்பாக இருக்கும்.

திருப்பிப் போடுவது எப்படி என்பதை ஒரே ஒரு தாளில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். வெற்றுத் தாளின் மேற்புறத்தில், பிரின்டருக்குள் முதலில் நுழையும் ஓரத்தில், பென்சிலால் ஒரு குறி போட்டுத் தட்டில் வையுங்கள். `22,3` அடியுங்கள். குறி இருக்கும் புறத்திலேயே அச்சு விழுந்தால் உங்கள் பிரின்டர் மேற்புறத்தில் அடிக்கிறது. இரண்டாம் தடவை அச்சான புறம் கீழே பார்க்க வைக்க வேண்டும். குறிக்கு மறுபுறம் அச்சு விழுந்தால், அச்சான புறம் மேலே பார்க்க வைக்க வேண்டும். அப்படி வைத்து `4,21` அடித்து, 3-ஆம் பக்கத்தின் முதுகைப் பாருங்கள். 4 நேராக நின்றால் வேலை முடிந்தது. அதே நிலையில் மீதி எல்லாவற்றையும் விடலாம்.

21 தலைகீழாக நின்றால் பயப்பட வேண்டாம். கட்டைப் புரட்டாமல், மேல்புறம் மேலேயே இருக்க, அப்படியே அரைவட்டம் திருப்பி வையுங்கள்; சரியாகிவிடும். நீள ஓரத்தைப் பிடித்துப் புரட்டியதால் வந்தது அது. இரண்டு பக்கம் அருகருகே இருக்கும் தாளைக் குட்டை ஓரத்தைப் பிடித்துப் புரட்ட வேண்டும். மாறாக 21 நேராகவே நின்றால் தாளைத் திருப்பியதில் பிழை இல்லை, கணினியில்தான் பிழை. ஒரு புறத்துக்கு மட்டும் ஜோடியை இடவலம் மாற்றித் தட்டியிருப்பீர்கள், அல்லது அந்தப் புறத்துக்கு மட்டும் `Binding` வலப்பக்கம் என்று இருக்கும். எந்தப் பிழை என்று தெரியாமல் கட்டை இப்படியும் அப்படியும் மாற்றி வைத்துப் பார்ப்பதில்தான் தாள் வீணாகிறது. சோதனைத் தாளை அட்டையில் செய்யாதீர்கள். அதன் முதுகு காலி, ஒன்றும் சொல்லாது.

லேசர் பிரின்டரிலிருந்து வரும் தாள் சூட்டில் லேசாகச் சுருண்டிருக்கும். சுருண்ட தாளை உடனே திருப்பி விட்டால் சிக்கும், அல்லது இரண்டாக இழுபடும். முன்புறம் அடித்த கட்டின்மேல் இரண்டு பாடப் புத்தகத்தை வைத்து ஆறவிடுங்கள். அதற்குள் அடுத்த ஜோடியின் முன்புறத்தை அடித்து முடிக்கலாம். திருப்பி வைக்கும் முன் கட்டின் ஓரங்களைக் கட்டைவிரலால் சீட்டுக்கட்டுபோல விசிறிக் காற்று விடுங்கள். இன்க்ஜெட் என்றால் மை காய வேண்டும். முழுப்பக்க ஓவியம் இருக்கும் தாளுக்கு இன்னும் கூடுதல் நேரம் கொடுங்கள். தாள் 70 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு பக்கத்துக் கறுப்பு மறுபக்கம் தெரியும். ஓவியம் அதிகம் உள்ள இதழுக்கு 80 வாங்கி வாருங்கள்.

ஆறு கட்டும் தயாரானதும் நீள மேசையில் வரிசையாக வையுங்கள். அட்டையின் வெளிப்புறம் மேசையைப் பார்க்கக் குப்புற வைத்து, அதன்மேல் `4,21` தெரியும்படி 2-ஆம் தாள், அதன்மேல் `6,19`, இப்படியே ஏறிக் கடைசியில் `12,13` மேலே தெரிய வேண்டும். மேசையைச் சுற்றி ஐந்தாறு பிள்ளைகளை நிறுத்தினால் பத்து நிமிட வேலை. மேலே 12, 13 தெரிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. ஓரத்தைத் தட்டிச் சமமாக்கும் முன் ஒரு பெரிய பிள்ளையை விட்டு, இடப்பக்க எண்களை மேலிருந்து கீழே புரட்டிப் படிக்கச் சொல்லுங்கள்: 12, 10, 8, 6, 4. எது விட்டுப்போயிருக்கிறது, எது இரண்டாக ஏறியிருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

பின் அடிக்க நீளக் கை ஸ்டேப்ளர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சாதாரண ஸ்டேப்ளரின் அடிப்பகுதியை விரித்துவிட்டு, இதழைத் தெர்மோகோல் துண்டின்மேல் குப்புற விரித்து, அட்டைப்புறமிருந்து மடிப்புக் கோட்டின்மேல் இரண்டு இடத்தில் அழுத்துங்கள். பின்னின் கால்கள் தெர்மோகோலில் இறங்கும். இதழை உயர்த்தி எடுத்து, உள்ளே 12-க்கும் 13-க்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் கால்களை ஸ்பூனின் முதுகால் மடக்குங்கள். விரலை வைக்க வேண்டாம். பின் அடித்த பிறகுதான் மடிக்க வேண்டும் என்றில்லை. ஒவ்வொரு கட்டையும் முதலிலேயே ஒருமுறை மடித்து விரித்துக்கொண்டால் கோடு தெளிவாகத் தெரியும், பின் வழுவாது.

மடித்த பிறகு பார்த்தால் உள்தாள்கள் ஓரத்தில் ஒரு நூல் அளவு வெளியே நீட்டியிருக்கும். ஆறு தாளுக்கு அது அரை மில்லிமீட்டருக்குப் பக்கம், கண்டுகொள்ள வேண்டாம். இதே முறையில் 64 பக்கம், 80 பக்கம் என்று ஆண்டு மலர் போட நினைத்தால் மட்டும் யோசியுங்கள். அத்தனை தாளையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தால் நடுப்பக்கம் நன்றாகப் பிதுங்கும். ஓரத்தை வெட்டினால் நடுப்பக்கத்தின் மார்ஜினைக் கத்தி தின்றுவிடும். அதை 16 பக்க ஃபாரமாகப் பிரித்து, ஒவ்வொரு ஃபாரத்துக்கும் தனித்தனியே கணக்குப் போட வேண்டும். முதல் ஃபாரத்தில் ஜோடியின் கூட்டல் 17. அடுத்த ஃபாரம் 17 முதல் 32 வரை என்பதால் அதில் 49. அந்த அளவுக்குப் பின் அடிக்க முடியாது, முதுகில் தையலோ பசையோ வேண்டும். அதற்கு என்னிடமே வாருங்கள்.

கடைசியாக ஒன்று. எல்லாம் அடித்து முடித்த மறுநாள், "ஒரு பிள்ளையின் கட்டுரை விட்டுப்போச்சு, பெற்றோர் வருத்தப்படுகிறார்கள், எப்படியாவது சேர்த்துவிடுங்கள்" என்று யாராவது ஒருவர் வராமல் இருப்பதில்லை. அடித்த தாளை எறிய வேண்டாம். 12-க்கும் 13-க்கும் நடுவே புதிதாக ஒரே ஒரு தாளைச் செருகுங்கள். நான்கு பக்கம் கிடைக்கும். ஏற்கெனவே அடித்த எந்த ஜோடியும் குலையாது, ஏனென்றால் செருகியது எல்லாவற்றுக்கும் உள்ளே நடுவில். அந்த நான்கு பக்கத்துக்கும் எண் போடாமல் "இணைப்பு" என்று தலைப்பிட்டுவிடுங்கள். தனிக் கோப்பாகத் தட்டச்சு செய்தால் அதன் கணக்கு தனி: முன்புறம் `4,1`, பின்புறம் `2,3`. விட்டுப்போன கட்டுரை 2-இலும் 3-இலும் வரட்டும். இதழை விரித்தால் பின் அடித்த இடத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாகத் தெரியும். மீதி இரண்டு பக்கத்துக்கு ஓவியம் நிறைய மிச்சம் இருக்கும், உங்கள் அலமாரியில்.

இப்படிக்கு,
பள்ளிக்கூடத் தெரு டி.டி.பி. கடைக்காரர்